கிராபிக்ஸ் கார்டு மெமரியை அளவாக ஓவர்கிளாக் செய்வதும், அது நிலையாக நிற்கிறதா என்று சோதிப்பதும்: முழுமையான வழிகாட்டி

மெமரி ஓவர்கிளாக்கில் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கம்ப்யூட்டர் கிராஷ் ஆகும்வரை வேகத்தை ஏற்றுகிறார்கள், கிராஷ் ஆன இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கி, "இதுதான் என் கார்டின் எல்லை" என்று வைத்துக்கொள்கிறார்கள். கோர் வேகத்துக்கு அந்த முறை ஓரளவு ஒத்துவரும். மெமரிக்கு ஒத்துவராது.

காரணம் இதுதான். ஜிடிடிஆர்5 காலத்திலிருந்தே, மெமரி சிப்புக்கும் ஜிபியுவுக்கும் இடையே ஓடும் தகவலோடு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் அனுப்பும் வசதி வந்துவிட்டது. எண் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தகவலை மறுபடியும் அனுப்பலாம். அதனால் வழியில் நேரும் பிழை உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மறுபடி அனுப்புவதில் நேரம் போகும். மெகாஹெர்ட்ஸ் எண் ஏறும், ஸ்கோர் இறங்கும். கிராஷ் ஆகவில்லை என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே கார்டு பழையதைவிட மெதுவாக ஓடலாம்.

இந்தச் சரிபார்ப்பு வழிப்பாதையை மட்டுமே காக்கும். சிப்பின் உள்ளே, சேமித்த இடத்திலேயே ஒரு பிட் மாறிப்போனால் அது பிடிபடாது. அதுதான் திரையில் புள்ளியாகவும் கட்டமாகவும் வந்து நிற்கும். ஆகவே இரண்டு சோதனைகள் தேவை: ஒன்று ஸ்கோரைப் பார்ப்பது, இன்னொன்று பிழைகளைத் தேடுவது. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் ஒட்டித்தான் அமைந்திருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு விண்டோஸில் ஓடும் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 டெஸ்க்டாப் கார்டை எடுத்துக்கொள்கிறேன். இதில் இருப்பது ஜிடிடிஆர்6 மெமரி.

## 1. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

நான்கு மென்பொருள்கள் போதும். வேகத்தை மாற்ற MSI Afterburner. மாற்றம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க GPU-Z. ஸ்கோர் எடுக்க Unigine Superposition. மெமரிப் பிழைகளைத் தேட OCCT அல்லது memtest_vulkan.

எல்லாவற்றையும் அவரவர் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஆஃப்டர்பர்னர் பெயரில் போலித் தளங்கள் வந்திருக்கின்றன; தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள்.

கார்டின் ஹீட்சிங்க்கிலும் ஃபேனிலும் தூசி படிந்திருந்தால் முதலில் சுத்தம் செய்யுங்கள். பாதிச் சோதனைக்குப் பிறகு சுத்தம் செய்தால் வெப்பநிலை மாறிவிடும், முன்பு எடுத்த அளவுகளை ஒப்பிட முடியாது. கோர் வேகத்தை முன்பே ஏற்றியிருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், பிழை வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

சேமிக்காத வேலை எதுவும் திறந்திருக்கக் கூடாது. திரை உறைந்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டிய நிலை ஓரிரு முறை வரத்தான் செய்யும்.

## 2. எந்த எண் எதைக் குறிக்கிறது

ஒரே மெமரி வேகத்தை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். இதில் குழம்பி, தேவைக்கு நான்கு மடங்கு ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் கார்டின் மெமரி வேகம் ஒரு பின்னுக்கு நொடிக்கு 15 கிகாபிட். இதை ஆஃப்டர்பர்னர் 7501 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும், அதாவது 15-இல் பாதி. ஜிபியு-இசட் அதையே 1875 என்று காட்டும், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஆஃப்டர்பர்னரில் 600 கூட்டினால் அங்கே 8101 என்று வரும். ஜிபியு-இசட்டில் 150 மட்டுமே கூடி 2025 என்று வரும். இரண்டும் ஒரே மாற்றம்தான்.

அலைவரிசை அகலம் எவ்வளவு கூடுகிறது என்பதையும் நீங்களே கணக்கிடலாம். இந்தக் கார்டின் பஸ் அகலம் 192 பிட்.

```
15.0 × 192 / 8 = 360.0 GB/s
16.2 × 192 / 8 = 388.8 GB/s
```

600 கூட்டினால் அகலம் 8 சதவீதம் உயரும். ஜிபியு-இசட்டின் Bandwidth கட்டத்தில் இதே எண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மாற்றம் ஏறவில்லை என்று பொருள். ஸ்கோர் எடுத்துப் பயனில்லை.

ஏஎம்டி கார்டில் ஆட்ரினலின் மென்பொருள் கூட்டும் அளவைக் கேட்காது, முழு வேகத்தையே கேட்கும். ஜிபியு-இசட் போல சிறிய எண்ணில் காட்டும். அங்கே 600 கூட்டுவது என்பது நினைத்துப் பார்க்கவே கூடாத அளவு. 20, 30 என்று போக வேண்டும்.

## 3. முதலில் தொடாத நிலையில் அளவெடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. அடிப்படை ஸ்கோர் கையில் இல்லாவிட்டால், பின்னால் ஸ்கோர் இறங்குவதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சூப்பர்பொசிஷனில் 1080p Extreme அமைப்பைத் தேர்ந்து நான்கு முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தின் ஸ்கோரை விட்டுவிடுங்கள். கார்டு குளிர்ந்திருக்கும்போது கோர் வேகம் கொஞ்சம் அதிகமாக நிற்கும், அதனால் முதல் ஓட்டம் எப்போதும் கொஞ்சம் பொய் சொல்லும். மீதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கார்டில் வந்தவை 5118, 5124, 5120. மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் 6 புள்ளி. இந்த வித்தியாசம்தான் உங்கள் அளவுகோலின் கூர்மை. பின்னால் 6 புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அதற்குப் பொருள் இல்லை. 20, 30 புள்ளி மாறினால் பொருள் உண்டு. மூன்று ஸ்கோரும் நூறு புள்ளி வரை தள்ளித்தள்ளி வந்தால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது. உலாவியை மூடுங்கள், விண்டோஸ் அப்டேட் ஓடுகிறதா என்று பாருங்கள், அப்புறம் மறுபடி எடுங்கள்.

ஃபேன் வேகத்தைத் தானியங்கியில் விடாமல் 70 சதவீதம் போல ஒரே அளவில் நிறுத்தி வைப்பது நல்லது. கடைசிவரை அதை மாற்ற வேண்டாம்.

## 4. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்

ஆஃப்டர்பர்னரில் Memory Clock பக்கத்தில் உள்ள எண்ணைக் கிளிக் செய்து +200 என்று தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். அப்புறம் டிக் குறி உள்ள பட்டனை அழுத்த வேண்டும். அதை அழுத்தாதவரை எதுவும் மாறாது. ஸ்லைடரை நகர்த்திவிட்டு, பட்டனை மறந்து, "என் கார்டு 1500 தாங்குகிறது" என்று சொன்ன நண்பர் ஒருவர் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஜிபியு-இசட்டைப் பாருங்கள் என்கிறேன்.

சோதனை ஓடும்போது மெமரி வேகம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும் கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த மெமரி வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும். டெஸ்க்டாப்பில் தெரியும் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். என்விடியா கார்டில் ஒரு கட்டளைச் சாளரத்தில் இதை ஓடவிட்டால் 5 நொடிக்கு ஒருமுறை காட்டும்:

```
nvidia-smi --query-gpu=clocks.mem,clocks.gr,temperature.gpu,power.draw --format=csv -l 5
```

ஒவ்வொரு படியிலும் இரண்டு முறை ஓட்டி சராசரியைக் குறியுங்கள். முதலில் 200 மெகாஹெர்ட்ஸ் படிகள், 800 தாண்டியபின் 100 படிகள். என் கார்டில் கிடைத்தது இப்படி:

- +200: 5164
- +400: 5214
- +600: 5262
- +800: 5291
- +900: 5287
- +1000: 5240
- +1100: திரையில் பச்சைப் புள்ளிகள், சோதனை பாதியில் நின்றது

இந்தப் பட்டியலை மெதுவாகப் படித்துப் பாருங்கள். 600 வரை ஒவ்வொரு 200-க்கும் 43 முதல் 50 புள்ளி கிடைத்தது. 600-இலிருந்து 800-க்குப் போகும்போது 29 மட்டுமே. அங்கேயே ஏதோ தொடங்கிவிட்டது. 900-இல் ஏற்றமே இல்லை. 1000-இல் இறக்கம் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை, கிராஷும் இல்லை. கிராஷ் ஆன 1100-இலிருந்து 100 இறக்கி 1000-இல் வைத்திருந்தால், 600 தரும் ஸ்கோரைவிடக் குறைவாகத்தான் கிடைத்திருக்கும், கூடவே பிழைகளும் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு சிறிய குழப்பம் வரலாம். ஸ்கோர் இறங்குவதற்கு மெமரிப் பிழை மட்டுமே காரணம் என்றில்லை. மெமரி வேகம் ஏறும்போது அது இழுக்கும் மின்சாரமும் கூடும். மொத்தக் கார்டுக்கும் ஒரே மின்வரம்பு. இந்தக் கார்டின் குறிப்பு அளவு 170 வாட். மெமரி அதிகம் எடுத்தால் கோருக்குக் குறையும், கோர் வேகம் தானாக இறங்கும். மேலே உள்ள கட்டளையில் clocks.gr எண்ணைக் கவனித்தால் இரண்டையும் பிரித்தறியலாம். கோர் வேகம் அப்படியே நிற்க, ஸ்கோர் மட்டும் இறங்கினால் அது மெமரிப் பிழை. கோர் வேகமும் சேர்ந்து இறங்கியிருந்தால் முதலில் மின்வரம்பைச் சந்தேகியுங்கள்.

## 5. எங்கே நிறுத்துவது

உச்ச ஸ்கோர் வந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் கிடைக்கும் ஆதாயம் எங்கே சுருங்கத் தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய படியைப் பிடியுங்கள். என் பட்டியலில் அது +600.

600-இல் அலைவரிசை அகலம் 8 சதவீதம் கூடியும் ஸ்கோர் கூடியது 3 சதவீதத்துக்கும் குறைவு. எல்லாக் காட்சியும் மெமரிக்காகக் காத்திருப்பதில்லை, அதனால் இது இயல்புதான். 800-க்குப் போனால் இன்னும் அரை சதவீதம் கிடைக்கும். அந்த அரை சதவீதத்துக்காக வெயில் காலத்தில் பிழை வரும் விளிம்பில் கார்டை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

## 6. முழு மெமரியையும் சோதியுங்கள்

இதுவரை செய்தது ஸ்கோர் சோதனை. அது வழிப்பாதைப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சூப்பர்பொசிஷன் 12 ஜிபி மெமரியையும் நிரப்புவதில்லை. தொடாத இடத்தில் உள்ள பலவீனம் அதில் வெளியே வராது.

ஓசிசிடியில் VRAM சோதனையைத் தேர்ந்து, மெமரியில் 80 முதல் 90 சதவீதம் வரை பயன்படுத்தும்படி வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். முழு 100 சதவீதம் வைக்க வேண்டாம். விண்டோஸும் திரையும் கொஞ்சம் மெமரியைப் பிடித்து வைத்திருக்கும், இடம் போதாமல் சோதனையே தடுமாறும். memtest_vulkan பயன்படுத்தினால் திறந்ததும் தானாக ஓடத் தொடங்கும். அதன் வழக்கமான சோதனை 5 நிமிடம். அதோடு நிறுத்தாமல் அரை மணி நேரம் விட்டு Ctrl+C அழுத்தி முடியுங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய எண்ணிக்கை பூஜ்யம். "இரண்டே இரண்டு பிழைதானே" என்று விடக் கூடாது. இரண்டு பிழை என்றால் 100 இறக்கி மறுபடி அரை மணி நேரம். இறக்கிய பிறகும் பிழை வந்தால், மெமரியைத் தொடாத வேகத்துக்குக் கொண்டுவந்து ஒருமுறை சோதியுங்கள். அப்போதும் பிழை வருகிறதென்றால் கோளாறு கார்டிலேயே இருக்கிறது, ஓவர்கிளாக்கை அதோடு விட்டுவிட வேண்டும். பழைய கார்டு வாங்கியவர்கள் இந்தச் சோதனையை முதல் நாளே செய்வது நல்லது.

சோதனை ஓடும்போது மெமரி வேகம் எவ்வளவு என்று மறுபடியும் பாருங்கள். ஜிஃபோர்ஸ் கார்டுகள் என்விடியாவின் CUDA வழியாகக் கணக்கு வேலை செய்யும்போது மெமரியைக் கொஞ்சம் குறைந்த வேகத்துக்கு இறக்கிக்கொள்ளும். அந்த வகை மென்பொருளில் சோதித்தால், கேமில் ஓடும் வேகத்தைவிடக் குறைந்த வேகத்துக்குத்தான் நீங்கள் சான்றிதழ் தருகிறீர்கள். 8101 என்று காட்டினால்தான் அந்தச் சோதனை செல்லும்.

வெப்பம் இங்கே முக்கியம். காலை ஆறு மணிக்கு, ஏசி அறையில் தேறிய மெமரி, கத்திரி வெயில் மதியம் மூன்று மணிக்கு ஏசி இல்லாத அறையில் தவறலாம். நீங்கள் விளையாடும் நேரத்திலேயே, அதே அறையில், கேபினெட் கதவை மூடி வைத்துச் சோதியுங்கள். இந்தக் கார்டு மெமரியின் வெப்பநிலையைத் தனியாகக் காட்டாது. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 போன்ற ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் HWiNFO64 அதைக் காட்டும். அங்கே அது 100 டிகிரியைத் தொட்டால் ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் குளிர்விப்பதைக் கவனியுங்கள். 110 டிகிரி அளவில் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

## 7. திரையில் எதைத் தேடுவது

பிழை எண்ணிக்கை பூஜ்யமாக வந்த பிறகும் கண்ணால் பார்க்க வேண்டியது உண்டு. சூப்பர்பொசிஷனை அல்லது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கேமை முழுத்திரையில், மானிட்டரின் சொந்தத் தெளிவுத்திறனில் ஓடவிடுங்கள். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். அவை தாங்களாகவே நுண்ணிய கம்பி, வேலி, முடி போன்ற இடங்களில் மினுமினுப்பைக் கொண்டுவரும். அதை மெமரிப் பிழை என்று நினைத்துத் தேவையில்லாமல் இறக்கியவர்கள் உண்டு.

பரபரப்பான சண்டைக் காட்சியில் பார்க்காதீர்கள். அசையாத வானம், வெற்றுச் சுவர், இருட்டு மூலை ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே நிறம் பரவிய இடத்தில்தான் தனிப் புள்ளி கண்ணில் படும். மெமரிப் பிழை பெரும்பாலும் பளிச்சென்ற நிறத்தில் தோன்றி மறையும் புள்ளிகளாக, சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களாக, நிறம் மாறிப்போன டெக்ஸ்சராக வரும். உருவங்களின் முனை திரைக்கு வெளியே நீண்டு இழுபட்டால், திரை ஒரேயடியாகக் கறுத்துப்போனால் கோர் பக்கமும் காரணம் இருக்கலாம்.

சந்தேகமான ஒன்றைக் கண்டதும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தைத் திறந்து பார்க்கும்போது அந்தப் புள்ளி படத்திலும் இருந்தால் பிழை கார்டின் பக்கம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தும் படத்தில் இல்லையென்றால் கேபிளையோ மானிட்டரையோ பாருங்கள். ஒரே பிழை அடிக்கடி வந்தால் இந்த ஒரு வழியே அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும். போன் கேமராவில் திரையைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டாம். அதில் தெரியும் பட்டைகள் கேமராவும் திரையும் ஒத்துப்போகாததால் வருபவை.

## 8. நிலை மாறும் நேரங்களையும் சோதியுங்கள்

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே சுமையில் ஓடும். நிஜ வாழ்வில் கார்டு சும்மா இருக்கும் நிலையிலிருந்து முழு வேகத்துக்கும், அங்கிருந்து கீழேயும் தாவிக்கொண்டே இருக்கும். சில கார்டுகள் அந்தத் தாவலில்தான் தடுமாறும்.

அதனால் மூன்று நான்கு நாள் வழக்கமாகப் பயன்படுத்துங்கள். கேமைத் திறந்து மூடுங்கள், நடுவில் Alt+Tab அழுத்தி வெளியே வந்து வீடியோ ஓட்டுங்கள், கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து எழுப்புங்கள். எழுந்த பிறகு ஆஃப்டர்பர்னர் அமைப்பு அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, விண்டோஸ் அதை மறுபடி எழுப்பியிருக்கும். இயல்பாக 2 நொடி காத்திருந்துவிட்டு விண்டோஸ் இதைச் செய்யும். `eventvwr.msc` திறந்து, Windows Logs, System பகுதியில் Display என்ற பெயரில் 4101 எண்ணோ, nvlddmkm என்ற பெயரோ அந்த நேரத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 100 இறக்குங்கள்.

அப்படி ஒன்று நடந்த பிறகு சோதனையைத் தொடர வேண்டாம், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். டிரைவர் விழுந்து எழுந்தபின் கார்டு பழைய வேகத்திலோ குறைந்த வேகத்திலோ சிக்கி நிற்கலாம். அந்த நிலையில் எடுக்கும் ஸ்கோருக்கும் தேர்ச்சிக்கும் மதிப்பில்லை.

## 9. கடைசியாகத்தான் சேமித்து, தொடக்கத்தில் ஏற்ற வேண்டும்

ஆஃப்டர்பர்னரில் அமைப்பை ஒரு எண்ணில் சேமித்து வைக்கலாம். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போதே ஓவர்கிளாக்கை ஏற்றும் பட்டனை, மேலே சொன்ன மூன்று நான்கு நாள் கழியும்வரை தொடாதீர்கள். முதல் நாளே அதை அழுத்துவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகத் தலைவலி தந்த தவறு. நிலையற்ற வேகம் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஏறும், டெஸ்க்டாப் வந்ததும் உறையும், ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே கதை.

அதில் மாட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். இந்த ஓவர்கிளாக் கார்டில் எழுதப்படுவதில்லை, விண்டோஸில் ஆஃப்டர்பர்னர்தான் ஒவ்வொரு முறையும் அதை ஏற்றுகிறது. விண்டோஸை Safe Mode-இல் தொடங்கினால் என்விடியா டிரைவர் ஏறாது. அங்கே ஆஃப்டர்பர்னரை நீக்குங்கள், அல்லது இந்தக் கோப்புறையில் உள்ள கோப்புகளை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்:

```
C:\Program Files (x86)\MSI Afterburner\Profiles
```

சேமித்த அமைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. நகர்த்திய பிறகு சாதாரணமாகத் தொடங்கினால் கார்டு தன் சொந்த வேகத்தில் வந்து நிற்கும்.

நான் இன்னொன்றும் செய்வேன். முதல் எண்ணில் கார்டின் சொந்த வேகத்தையும், இரண்டாம் எண்ணில் +600-ஐயும் சேமித்து வைப்பேன். ஏதாவது கேம் அடிக்கடி மூடிப்போனால் முதல் எண்ணுக்கு மாறி இரண்டு நாள் விளையாடிப் பார்ப்பேன். அப்போதும் மூடிப்போனால் குற்றம் மெமரியுடையது அல்ல. மூடிப்போவது நின்றுவிட்டால் +500-க்கு இறங்கி, ஆறாம் படியிலிருந்து மறுபடி சோதிப்பேன். ஏப்ரல் பிறந்து வெயில் ஏறும்போது அந்த அரை மணி நேரச் சோதனையை இன்னொரு முறையும் ஓட்டிவிடுவேன்.